பிள்ளைகளோடு மறுமணம்: உறுதிமொழிக்குச் சில குறிப்புகள்

இருவருக்கும் முதல் திருமணத்தில் பிள்ளைகள் இருக்கும்போது, மணமேடையில் அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல நம் தாலிச் சடங்கில் ஒரு வரிகூடக் கிடையாது. அதை நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

1. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கோயில்களில் முகூர்த்த நாளென்றால் ஒரு கல்யாணம் முடிவதற்குள் அடுத்த வீட்டார் வந்து நிற்பார்கள். அதனால் குருக்களிடம் முன்கூட்டியே பேசி, தாலி கட்டி மெட்டி போட்ட பிறகு மூன்று நிமிடம் கேட்டு வையுங்கள். மேளக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிள்ளையின் பெயரே நாதஸ்வரத்தில் அமுங்கிவிடும். நேரம் கிடைக்காது என்றால் விருந்து மண்டபத்தில், பந்திக்கு முன்னால் சொல்லலாம்.

2. பிறப்புப் பத்திரத்தில் உள்ள முழுப்பெயர் வேண்டாம். வீட்டில் கூப்பிடும் பெயரையே சொல்லுங்கள். துணைவரின் பிள்ளையிடம் முதலில் பேசிவிட்டு, பிறகு தன் பிள்ளையிடமும் தனியாகப் பேச வேண்டும். பலர் இந்த இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். "புது வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் வாக்கு, எனக்கு ஒன்றும் இல்லையா?" என்று சொந்தப் பிள்ளை முகம் சுளிப்பது அதனால்தான்.

3. "உன்னை என் உயிராகப் பார்த்துக்கொள்வேன்" என்றால் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. கண்ணால் பார்க்கக்கூடிய காரியத்தைச் சொல்லுங்கள். மணமகளின் மகள் கயலுக்கு 7 வயது, அவள் அப்பா பூச்சோங்கில் இருக்கிறார் என்றும், மணமகனின் மகன் கவினுக்கு 14 வயது, அவன் அம்மா காலமாகிவிட்டார் என்றும் வைத்துக்கொள்வோம்.

மணமகன்: "கயல், உனக்கு அப்பா இருக்கிறார். அவரைப் பார்க்கப் போகும்போது உன் பையை நான் எடுத்து வைப்பேன். திரும்பி வரும்போது வாசலில் இருப்பேன். என்னை என்னவென்று கூப்பிட வேண்டும் என்பது உன் இஷ்டம்."

மணமகள்: "கவின், உன் அம்மாவின் படம் கூடத்தில் இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்கும். திவசத்தன்று உன்னோடும் அப்பாவோடும் நானும் நிற்பேன்."

பிறகு மணமகன் தன் மகனிடம்: "கவின், ஞாயிறு காலையில் நாம் ரெண்டு பேரும் ரொட்டி சானாய் சாப்பிடப் போவது இனியும் நம் இருவருக்கு மட்டும்தான்." மணமகளும் கயலிடம் இப்படி ஒன்று சொல்லிவிட வேண்டும்.

பிரிந்துபோன அப்பாவையோ இறந்துபோன அம்மாவையோ ஒரு வரியாவது ஒப்புக்கொண்டு பேசுவது முக்கியம். "இனி நான்தான் உன் அப்பா" என்ற வாக்கியம் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் கயலை இரண்டு பேருக்கும் நடுவில் நிறுத்திவிடும்.

4. எழுதியதைப் பிள்ளையிடம் முந்திய வாரமே படித்துக் காட்டுங்கள். பிடிக்காத வரியை அடிக்க அதற்கு உரிமை உண்டு. மேடையில் பதில் கேட்காதீர்கள். சபை பார்த்துக்கொண்டிருக்கும்போது "அம்மான்னு கூப்பிடும்மா" என்று எந்தப் பெரியம்மாவும் தூண்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒத்திகை நாளில் பிள்ளை பாட்டி வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று நழுவினால், இருக்கையில் இருந்தபடியே கேட்கட்டும் என்று விட்டுவிடலாம்.

5. திருமணப் பதிவுக்கும் இந்த உறுதிமொழிக்கும் சம்பந்தமில்லை. பதிவாளருக்கு வேண்டியது இருவரின் மனமொத்த சம்மதமும் இரண்டு சாட்சிகளும் பத்திரங்களும்தான். மணவிலக்கு பெற்றவர் நீதிமன்றத்தின் இறுதி ஆணையையும், துணையை இழந்தவர் இறப்புப் பத்திரத்தையும் காட்ட வேண்டும். உறுதிமொழி சொன்னதால் மாற்றாந்தந்தை சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட மாட்டார். ஆனால் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 99வது பிரிவு வேறொன்று சொல்கிறது. தனக்குப் பிறக்காத பிள்ளையைத் தன் குடும்பத்தில் ஒருவராக ஏற்றுக்கொண்ட ஆண், பெற்றவர்கள் எந்த அளவுக்குத் தவறுகிறார்களோ அந்த அளவுக்கு அந்தப் பிள்ளையைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர். பெற்றவர் யாராவது பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விட்டால் அந்தக் கடமையும் முடிந்துவிடும். "நீ எங்கள் குடும்பம்" என்று மைக்கில் சொல்பவர் இதைத் தெரிந்துகொண்டே சொல்வது நல்லது.

6. வீடு, நகை, சொத்து பற்றி மேடையில் வாக்குக் கொடுக்காதீர்கள். அது உயிலில் வர வேண்டிய விஷயம். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, திருமணம் ஆனதும் பழைய உயில் செல்லாமல் போகும். இந்தத் திருமணத்தை எதிர்பார்த்தே எழுதிய உயில் மட்டும் விலக்கு. ஆகவே கவினுக்கென்று அப்பா முன்பே எழுதி வைத்திருந்த உயில் திருமணம் சட்டப்படி நடந்த அன்றே போய்விடும். உயில் இல்லாமல் இறந்தால், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டத்தில் துணைவரின் முதல் திருமணப் பிள்ளைக்குப் பங்கு கிடையாது. முறைப்படி தத்தெடுத்தால்தான் உண்டு. கல்யாண வேலை ஓய்ந்ததும் வழக்கறிஞரிடம் போய், இரண்டு பிள்ளைகளின் பெயரையும் எழுதிப் புது உயில் செய்துவிடுங்கள். இந்த இடத்தில் வீட்டுப்பெயர் உதவாது. பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடியே எழுத வேண்டும்.