கோப்பின் பெயரும் அதன் ஐநோடும்

கணினியில் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது அதற்குப் பெயரிடுகிறோம். ஆகவே அப்பெயர் கோப்புடனேயே ஒட்டியிருக்கும் என்று பலர் எண்ணுவர். யூனிக்ஸ் வழிவந்த கோப்பு முறைகளில் அவ்வாறில்லை. பெயர் ஓரிடத்தில் இருக்கிறது. கோப்பைப் பற்றிய விவரங்கள் மற்றோரிடத்தில் இருக்கின்றன. உள்ளே எழுதப்பட்ட தரவு மூன்றாவதோரிடத்தில் இருக்கிறது. இம்மூன்றும் எவ்வாறு இணைகின்றன என்பதை, 1993ஆம் ஆண்டில் லினக்ஸுக்காக உருவான எக்ஸ்டி2 என்னும் கோப்பு முறையைக் கொண்டு காண்போம்.

விவரங்கள் உள்ள சிறு பதிவுக்கு ஐநோடு என்று பெயர். கோப்பின் உரிமையாளர், அளவு, மாற்றப்பட்ட நேரம், தரவு இருக்கும் பிளாக்குகளின் எண்கள் ஆகியவை அதில் அடங்கும். கோப்பின் பெயர் மட்டும் அதில் இல்லை. ஒவ்வோர் ஐநோடுக்கும் ஓர் எண் உண்டு. நிலத்துக்கு ஊரார் எப்பெயரிட்டு அழைத்தாலும் சர்வே எண் ஒன்றே அதைக் குறிப்பது போன்றது இது.

பெயர்கள் அடைவுகளில் இருக்கின்றன. அடைவு என்பது பெயரையும் ஐநோடு எண்ணையும் அருகருகே எழுதிவைத்த பட்டியலேயன்றி வேறன்று. `/data/rain.txt` என்ற கோப்பைத் திறப்பதாகக் கொள்வோம். மூல அடைவின் ஐநோடு எண் எப்பொழுதும் 2. அந்த ஐநோடு காட்டும் பிளாக்கைப் படித்தால், `data` என்பதற்கு எதிரே 3001 என்றிருக்கிறது. 3001ஆம் ஐநோடு காட்டும் பட்டியலில் `rain.txt` என்பதற்கு எதிரே 5121 என்றிருக்கிறது. 5121ஆம் ஐநோடே நாம் தேடியது.

இனி அதன் தரவை அடைய வேண்டும். பிளாக்கின் அளவு 4096 பைட் எனவும், கோப்பின் அளவு 12,00,000 பைட் எனவும் கொள்வோம். ஐநோடில் 15 சுட்டிகள் உள்ளன. முதல் 12 சுட்டிகள் தரவுப் பிளாக்குகளை நேரே காட்டும். 13ஆவது சுட்டி காட்டுவது தரவையன்று. வேறு 1024 சுட்டிகள் நிரம்பிய ஒரு பிளாக்கை. இன்னும் பெரிய கோப்புகளுக்காக 14ஆவது இரு படிகளிலும், 15ஆவது மூன்று படிகளிலும் இவ்வாறே செல்லும்.

கோப்பின் 10,00,000ஆம் இடத்தைப் படிக்க வேண்டுமாயின், அதை 4096ஆல் வகுக்கிறோம். ஈவு 244, மீதி 576. சுழியிலிருந்து எண்ணினால் அது 244ஆம் பிளாக்காகும். நேர்ச் சுட்டிகள் 12ஐக் கழித்தால் 232 வருகிறது. எனவே 13ஆவது சுட்டி காட்டும் பிளாக்கில் 232ஆம் பதிவைப் படித்து, அது குறிக்கும் தரவுப் பிளாக்கில் 576ஆம் பைட்டுக்குச் செல்ல வேண்டும். இடையிலுள்ள பிளாக்குகளைப் படிக்கத் தேவையே இல்லை.

பெயர் தனியே இருப்பதால், ஒரே ஐநோடுக்கு இரு பெயர்கள் இருக்கலாம்.

```
$ ln rain.txt mazhai.txt
$ ls -li
5121 -rw-r--r-- 2 ravi staff 1200000 Jun 10 09:15 mazhai.txt
5121 -rw-r--r-- 2 ravi staff 1200000 Jun 10 09:15 rain.txt
```

முதலில் உள்ள 5121 ஐநோடு எண். உரிமைக் குறிகளை அடுத்துள்ள 2, அந்த ஐநோடைக் குறிக்கும் பெயர்களின் எண்ணிக்கை. இதைக் கோப்பின் நகல் என்று கருதுதல் பெரும் பிழை. தரவு ஒன்றேயாதலின், ஒரு பெயரின் வழியே அதைத் திருத்திக் கெடுத்தால் மற்றதன் வழியேயும் கெட்டதே தெரியும். ஐநோடு எண் அந்தந்தக் கோப்பு முறைக்குள் மட்டுமே பொருளுடையது. ஆதலின் இத்தகைய இணைப்பை வேறொரு டிஸ்க்கிலுள்ள கோப்பு முறைக்குக் கொண்டுசெல்ல இயலாது. அங்கே பாதையின் பெயரை மட்டும் தாங்கும் குறியீட்டு இணைப்பே பயன்படும். மூலக் கோப்பின் பெயரை நீக்கினால் அதுவும் பயனற்றுப்போகும்.

`rm` என்னும் கட்டளை பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடித்து, எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கிறது. எண்ணிக்கை சுழியாகி, எந்த நிரலும் அக்கோப்பைத் திறந்து வைத்திராதபோதுதான் பிளாக்குகள் விடுவிக்கப்படும். டிஸ்க் நிரம்பிவிட்டதென்று பெரியதொரு பதிவேட்டுக் கோப்பை நீக்கிய பின்னும் இடம் கிடைக்காமல் திகைப்பவர் இதை மறந்தவரே. அப்பொழுது `du` காட்டும் அளவு குறைந்திருக்கும். `df` காட்டுவதோ குறைந்திராது. முன்னது பெயர்களைப் பின்பற்றிக் கூட்டுகிறது. பின்னது பயனிலுள்ள பிளாக்குகளை எண்ணுகிறது. `lsof +L1` என்று கேட்டால், பெயரிழந்தும் திறந்திருக்கும் கோப்பையும் அதைப் பிடித்திருக்கும் நிரலையும் காணலாம். அந்நிரலை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் இடம் திரும்பக் கிடைக்கும்.

பின்வந்த எக்ஸ்டி4 முறையில், தனித்தனிச் சுட்டிகளுக்குப் பதிலாக, தொடர்ந்தமைந்த பிளாக்குகளின் தொடக்க எண்ணும் நீளமுமே பெரும்பாலும் எழுதப்படுகின்றன. எனினும் பெயர் அடைவிலும், விவரம் ஐநோடிலும் இருக்கும் முறை அதிலும் மாறவில்லை.