செக்கா ரீஃபைண்டா என்று கேட்காதே, எந்த எண்ணெய் என்று கேள்

மாப்பிள்ளையோட ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தேன். போன வருஷம் 131 இருந்த எல்.டி.எல். இப்போ 150. வேறென்ன மாத்தினே என்று கேட்டதுக்கு, "ஒண்ணுமில்லக்கா, ரீஃபைண்டை விட்டுட்டு எல்லாத்துக்கும் செக்குத் தேங்காயெண்ணெய்தான்" என்றாய். எனக்கு அதுமேலதான் சந்தேகம்.

கணக்கைப் பாரு. உன் தாளிப்பு, பொரியல், தோசை எல்லாம் சேர்த்தா ஆளுக்கு நாளைக்கு ரெண்டு மேஜைக்கரண்டி எண்ணெய் போகுது. தேங்காயெண்ணெயில ஒரு மேஜைக்கரண்டிக்குச் சுமார் 12 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. ரெண்டுக்கு 24. நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுறவங்க மொத்தமே 22 கிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட வரம்பு. பாலும் தயிரும் இன்னும் கணக்கில வரவே இல்லை.

இந்தக் கொழுப்பு கூடினா, ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்தெடுக்கிற கல்லீரலோட வேகம் குறையும். அது ரத்தத்திலேயே சுத்தி, ரத்தக் குழாய்ச் சுவரில படியும். தேங்காயெண்ணெய் நல்ல கொழுப்பான ஹெச்.டி.எல்.லையும் ஏத்துது என்று வீடியோக்கள்ல சொல்றது நிஜம்தான். ஆனா ஹெச்.டி.எல்.லை மருந்தால ஏத்திப் பார்த்த ஆய்வுகள்ல, அந்த ஏற்றத்தால மாரடைப்பு குறைஞ்சதாத் தெரியலை. அதைக் காட்டி எல்.டி.எல். ஏறினதைத் தள்ளிவிட முடியாது.

கடலையெண்ணெயில ஒரு மேஜைக்கரண்டிக்கு ரெண்டரை கிராம்தான் நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயில ரெண்டு, சூரியகாந்தியில ஒன்றரை. செக்கில ஆட்டினாலும் ரீஃபைண்ட் பண்ணினாலும் இந்தக் கணக்கு பெரிசா மாறாது. போறது வாசனையும் நிறமும் கொஞ்சம் வைட்டமினும்தான். ரேஷன் பாமாயிலும் ரீஃபைண்ட்தான், ஆனா அதில கிட்டத்தட்டப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. பாக்கெட்டில 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருந்தா அதுக்காகக் காசு கூடக் கொடுக்காதே. எந்தத் தாவர எண்ணெயிலதான் கொலஸ்ட்ரால் இருக்கு?

நெய்யும் தேங்காயெண்ணெய்க்குத் தம்பிதான். ஒரு டீஸ்பூனில மூணு கிராம். ஆனா நெய்யை யாரும் கரண்டி கரண்டியா ஊத்திப் பொரிக்கிறதில்லை. பருப்புச் சாதத்துக்கு ஒரு டீஸ்பூன் விட்டுக்கோ, பொங்கல் அன்னைக்கு மட்டும் கண்ணை மூடிக்கிறேன். அளவு ஸ்பூனால எடு. நீ 'ஒரு ஸ்பூன்' என்று விட்டதை அன்னைக்கு நான் அளந்து பார்த்தேன், மூணு இருந்தது.

இனி சமையலுக்குக் கடலையெண்ணெய், குழம்புத் தாளிப்புக்கு நல்லெண்ணெய். அவியலுக்கு மேல ஒரு டீஸ்பூன் தேங்காயெண்ணெய் இருக்கட்டும், அது இல்லாம அவியலே இல்லை. அவியல் இல்லாத நாள்ல கடலையெண்ணெய் ரெண்டு மேஜைக்கரண்டி, நெய் ஒரு டீஸ்பூன் என்றால் மொத்தம் எட்டு கிராம்தான் ஆச்சு. வடை சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதே.

ரெண்டு மாசம் கழிச்சு அதே லேப்பில மறுபடி பார்க்கச் சொல்லு. அப்பவும் இறங்கலைன்னா எண்ணெயை மட்டும் மாத்திட்டிருக்காம டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ. நம்ம அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததே, அந்த மாதிரி மாப்பிள்ளை வீட்டில யாருக்காவது உண்டா என்று அத்தையிடம் கேட்டு எழுதி வச்சுக்கோ, அங்கே முதல்ல அதைத்தான் கேட்பாங்க.