புகார் சரியான மேசைக்குப் போக

எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தில் இந்த ஆண்டு இளைஞர்கள் பலர் சேர்ந்திருக்கிறார்கள். தெருவிளக்கு, அடைப்பு என்று புகார் எழுதும் வேலையை அவர்களிடம்தான் ஒப்படைக்கப் போகிறோம். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையை வைத்தே சொல்கிறேன். வேறு ஊர் என்றால் அலுவலகத்தின் பெயர் மாறும், முறை பெரிதாக மாறாது.

1. எழுதுவதற்கு முன் அது யார் பொறுப்பு என்று பாருங்கள். சென்னையில் தெருவிளக்கும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சியைச் சேர்ந்தவை. கழிவுநீர்க் குழாயும் மேன்ஹோலும் குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தவை. ஜனங்கள் மெட்ரோ வாட்டர் என்பார்கள். "சாக்கடை அடைப்பு" என்று மொட்டையாக எழுதினால் அந்தப் புகார் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே அலையும். ஆகவே தெருவில் இறங்கிப் பாருங்கள். ரோட்டின் நடுவில் வட்ட மூடி இருந்தால் அநேகமாக அது மெட்ரோ வாட்டர் மேன்ஹோல். ரோட்டு ஓரமாக நீளத்துக்கு ஸ்லாப் போட்டு, இடையிடையே தண்ணீர் இறங்கக் கம்பிச் சட்டம் வைத்திருந்தால் அது மழைநீர் வடிகால்.

மூடியை மட்டும் நம்ப வேண்டாம், தண்ணீரையும் கவனியுங்கள். மழையே இல்லாத நாளில், எல்லா வீட்டிலும் குளியலும் துவையலும் நடக்கும் காலை நேரத்தில் கறுப்பாகப் பொங்கி, மத்தியானத்தில் வடிந்துவிட்டால் கழிவுநீர்க் குழாயில் அடைப்பு. மழைக்குப் பிறகு மட்டும் தேங்கினால் வடிகாலைப் பாருங்கள். ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது கம்பிச் சட்டத்தின் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் இல்லையென்றால் அடைப்பு அந்த வாயில்தான். இலையும் பிளாஸ்டிக் பையும் கட்டட மணலும் சேர்ந்து மூடியிருக்கும். உள்ளேயும் விளிம்புவரை நிரம்பி நின்றால் அடைப்பு இன்னும் கீழே, தண்ணீர் போகும் திசையில் எங்கோ இருக்கிறது. இந்த ஒரு வரியைப் புகாரில் சேர்த்தால், வருகிறவர்கள் எந்த இடத்தில் ஸ்லாபைத் தூக்குவது என்று தேட வேண்டியதில்லை.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. மழை இல்லாமலே மழைநீர் வடிகாலில் நாற்றமடிக்கும் தண்ணீர் ஓடும். யாரோ கழிவுநீர் இணைப்பை அதில் கொடுத்திருக்கலாம், அல்லது அருகிலுள்ள கழிவுநீர்க் குழாய் கசியலாம். இரண்டு அலுவலகங்களுக்குமே எழுதுங்கள். எந்த வீடு என்ற சந்தேகத்தைப் பொதுவில் போடாதீர்கள். சந்தேகம் தவறாகப் போனால் அந்தக் குடும்பம் தெருவில் தலைகாட்ட முடியாது. அதை வார்டு உதவிப் பொறியாளரிடம் நேரில் சொல்லுங்கள்.

2. விளக்கு அணைந்திருந்தால் பக்கத்து விளக்குகளையும் பாருங்கள். ஒன்று மட்டும் எரியவில்லையென்றால் அந்த விளக்கிலோ அந்தக் கம்பத்திலோ கோளாறு. வரிசையாக நான்கைந்து எரியாமல் வீடுகளில் கரண்ட் இருந்தால் கேபிளிலோ ஸ்விட்ச் பெட்டியிலோ கோளாறு. வீடுகளிலும் கரண்ட் இல்லையென்றால் அது மின்தடை. மின்வாரியத்தின் மின்னகம், 94987 94987, அதற்கான எண்.

3. இனி எழுதும் விதம். ஒரு தெருவை வைத்துக்கொள்வோம். "எங்க ஏரியாவே இருட்டு, வரி மட்டும் வாங்கத் தெரியுது" என்று ஒருவர் எழுதுகிறார். அவர் கோபம் நியாயமானதே. ஆனால் அதைப் படிக்கும் ஊழியர் எந்தத் தெரு, எந்த வார்டு என்று திருப்பிக் கேட்க வேண்டும். பதில் வருவதற்குள் ஷிஃப்ட் மாறிவிடும். அதே விஷயத்தை இப்படி எழுதலாம்:

"வணக்கம். 3-வது குறுக்குத் தெரு, ரேஷன் கடை எதிரில், கம்பம் 14, 15, 16 மூன்றும் செவ்வாய் இரவிலிருந்து எரியவில்லை. வீடுகளில் கரண்ட் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் டியூஷன் முடிந்து இந்த வழியாகத்தான் வருகிறார்கள். சரிசெய்து தரக் கேட்டுக்கொள்கிறோம்."

இதற்கு மேலே வார்டு எண்ணும் பகுதியின் பெயரும், பொதுவில் போடும்போது கீழே புகார் எண்ணும் இருக்க வேண்டும். கம்பத்தில் எண் அழிந்துபோயிருந்தால் எதிர்வீட்டுக் கதவு எண்ணைப் போடாமல் கடை, கோயில், பஸ் நிறுத்தம் என்று பொது அடையாளம் சொல்லுங்கள். அடுத்தடுத்த மூன்று கம்பங்கள் என்றதும் மின்பிரிவு ஊழியருக்கு இது பல்பு மாற்றும் வேலை இல்லை, லைன் பார்க்கும் வேலை என்று புரிந்துவிடும்.

படம் இரண்டு போதும். ஒன்று கோளாறைக் கிட்டத்தில் காட்ட வேண்டும், மற்றது தெருவின் அடையாளத்தோடு தள்ளி நின்று எடுத்ததாக இருக்க வேண்டும். போகிற வருகிறவர்களின் முகமும் வண்டி எண்ணும் விழாமல் எடுங்கள். ஒரு புகாரில் ஒரே விஷயம். விளக்கையும் வடிகாலையும் சேர்த்து எழுதினால், விளக்கு எரிந்ததும் முழுப் புகாரையும் முடித்துவிடுவார்கள். வடிகாலை யாரும் பார்க்க மாட்டார்கள்.

4. முதலில் புகார் எண் வாங்குங்கள், பொதுவில் போடுவது அதற்குப் பிறகு. மாநகராட்சிக்கு 1913, மெட்ரோ வாட்டருக்கு 1916. மாநகராட்சியின் நம்ம சென்னை செயலியிலும் பதியலாம். வேலை நடக்க இரண்டு மூன்று நாள் விடுங்கள். அதற்குப் பின்னும் அசைவில்லையென்றால் எக்ஸ் தளத்தில் @chennaicorp அல்லது @CHN_Metro_Water என்று உரிய அலுவலகத்தை மட்டும் குறிப்பிட்டு, புகார் எண்ணோடு போடுங்கள். முதலமைச்சரிலிருந்து செய்தித் தொலைக்காட்சிவரை பத்துப் பேரைச் சேர்த்தால் அது தன் வேலை என்று யாருக்கும் தோன்றாது. பொறியாளரின் பெயரை எழுதாதீர்கள், லஞ்சம் என்று ஆதாரமில்லாமல் எழுதாதீர்கள். அந்த வார்டில் அடுத்த புகாரையும் அதே மனிதர்தான் பார்க்கப் போகிறார்.

5. "ஆளை இறக்கிச் சுத்தம் செய்யுங்கள்" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். மேன்ஹோலுக்குள் விஷவாயு இருக்கும். இறங்கியவர்கள் மூச்சுத் திணறி இறந்திருக்கிறார்கள். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் மனிதரைக் கழிவுநீர்க் குழியில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. "ஜெட்ராடிங் வண்டி அனுப்புங்கள்" என்று கேளுங்கள். அவசரப்பட்டு நாமே தனியாரைக் கூப்பிட்டு, காசு கொடுத்து ஆளை இறக்குவதும் அதே குற்றந்தான். தெருவில் யாராவது அப்படி ஏற்பாடு செய்தால் தடுத்து நிறுத்துங்கள்.

6. சிலவற்றுக்குப் படமெடுத்துப் போட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. கம்பத்தின் அடிப்பெட்டி திறந்து வயர் தொங்குகிறது, தொட்டவருக்கு ஷாக் அடித்தது, மேன்ஹோல் மூடியைக் காணோம் என்றால் உடனே போன் செய்யுங்கள். ஆள் வரும்வரை ஒருவர் தள்ளி நின்று போகிறவர்களை எச்சரியுங்கள். மழைத்தண்ணீர் நிற்கும்போது கம்பத்தின் அருகே போகவே கூடாது.

7. "புகார் முடிக்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வந்தால் அன்று இரவே போய்ப் பாருங்கள். மூன்றில் இரண்டுதான் எரிகிறதென்றால் சண்டைக்குப் போகாமல் முன்பு போட்ட பதிவின் கீழேயே எழுதுங்கள்: "கம்பம் 14, 15 எரிகின்றன, நன்றி. 16 இன்னும் எரியவில்லை. இன்று இரவு 8 மணிக்கு எடுத்த படம் இணைத்துள்ளோம்." புகாரை மறுபடி திறக்கச் சொல்லி 1913-க்கும் பேசுங்கள். புதுப் புகாராகப் பதிந்தால் நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். பழைய எண்ணையே பிடித்துக்கொள்ளுங்கள். அதுவும் நடக்கவில்லையென்றால் அந்த எண்ணையும் தேதிகளையும் ஒரு தாளில் எழுதி மண்டல அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிச் சங்க ஃபைலில் வையுங்கள். மூன்றும் எரிந்தால் படத்தோடு நன்றி சொல்லி, எல்லாம் சரியாகிவிட்டது என்று அதே பதிவில் எழுதிவிடுங்கள். பழைய பதிவைப் பார்த்து வேறொருவர் அதே கம்பத்துக்கு மறுபடி புகார் கொடுக்காமல் இருப்பார்.