தீர்மான நோட்டை இப்போது திருத்தலாமா?

கேள்வி: கொல்லிமலையில் எங்கள் ஊர் வன உரிமைக் குழுவின் செயலாளர் நான். கிராம சபைத் தீர்மான நோட்டை எழுதுவதும் நான்தான். போன வருடம் ஒருவருடைய நில மனுவைச் சபை ஏற்கவில்லை. அவர் மகன் இப்போது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தீர்மான நகல் கேட்டிருக்கிறார். கோர்ட்டுக்கும் போவேன் என்கிறார். நோட்டில் "போதிய ஆதாரம் இல்லாததால் நிராகரிக்கப்பட்டது" என்று ஒரே வரிதான் இருக்கிறது. காரணங்களை இப்போது சேர்த்து எழுதிவிடலாமா? இனி எப்படி எழுதுவது, சார்?

பதில்: சேர்க்காதீர்கள். நோட்டின் நகல் ஏற்கெனவே கோட்ட அளவிலான குழுவுக்குப் போயிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடைச்செருகல் உடனே தெரிந்துவிடும். அதன்பின் நீங்கள் ஒழுங்காக எழுதிய பக்கங்களையும் யாரும் நம்பமாட்டார்கள். கேட்கப்பட்ட தகவலை அழித்தால் பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதமும் உண்டு. உள்ளதை உள்ளபடி கொடுங்கள். மனுவைச் சபை மறுபடி பரிசீலிக்க விரும்பினால் புதிய தேதியில், புதிய பக்கத்தில், புதிய தீர்மானமாக எழுதுங்கள்.

அந்த ஒரு வரி ஏன் நிற்காது என்றால், எந்த ஆதாரத்தைப் பார்த்தீர்கள், அதில் என்ன குறை என்று அது சொல்லவில்லை. அதிகாரத்தில் உள்ளவர் பிறப்பிக்கும் உத்தரவு அதில் எழுதிய காரணங்களைக் கொண்டே நிற்க வேண்டும், பிறகு பிரமாண வாக்குமூலத்தில் புதுக் காரணம் சேர்க்க முடியாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் மனுதாரரின் வக்கீல் முதலில் எடுக்கப்போகும் தீர்ப்பு அதுவாகத்தான் இருக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒரு மனுவைப் பற்றி இப்படி எழுதியிருந்தால் நிலைமை வேறு:

"மனு எண் 14. கேட்பது 1 ஏக்கர் 20 சென்ட் சாமைக்காடு. களச் சரிபார்ப்புக்கான முன்னறிவிப்பு மனுதாரருக்கும் வனத்துறைக்கும் தரப்பட்டது. பெற்றுக்கொண்ட கையொப்பம் இணைப்பு 1. வனவர், கிராம நிர்வாக அலுவலர் வந்து கையொப்பமிட்டனர். பார்த்தவை: பழைய கல் வரப்பு, பெரியவர்கள் இருவரின் எழுத்துமூல வாக்குமூலம். மேற்குப் பக்கம் 40 சென்டில் வரப்போ பழைய சாகுபடித் தடயமோ இல்லை. வாக்குமூலங்களிலும் அந்தப் பகுதி வரவில்லை. எனவே 80 சென்ட் ஏற்கப்படுகிறது, 40 சென்ட் ஏற்கப்படவில்லை. ஆதரவு 87, எதிர்ப்பு 9."

யார் என்ன பேசினார் என்பது இதில் இல்லை. ஆனால் அன்று அங்கே இல்லாத ஒரு நீதிபதிக்கு, சபை எதை வைத்து இந்த முடிவுக்கு வந்தது என்பது புரிந்துவிடும். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே நிலம் கையில் இருந்ததா என்பதுதான் சட்டம் கேட்கும் கேள்வி. அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும். உங்கள் குறிப்பு அந்தக் கேள்வியைச் சுற்றியே அமையட்டும். நிராகரிப்பை மனுதாரரிடம் நேரில் தெரிவித்த தேதியையும் எழுதுங்கள். அவருக்கு மேல்முறையீட்டுக்கு 60 நாள் உண்டு. தெரிவிக்கவே இல்லை என்பது வழக்கமாக வரும் புகார்.

அடுத்தது வருகைப் பதிவு. விதிப்படி சபை உறுப்பினர்களில் பாதிப்பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். 180 பேர் உள்ள ஊரில் 90 பேர் வந்தால் அதில் 30 பெண்கள். மனுக்கள் மீது தீர்மானம் போடும் நாளில் மனுதாரர்களிலும் பாதிப்பேர் அல்லது அவர்கள் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். மூன்று எண்ணிக்கையையும் தீர்மானத்தின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். மத்தியப் பிரதேசத்தின் மகான் நிலக்கரித் திட்டத்துக்காக அமிலியா ஊரில் 2013 மார்ச்சில் நடந்த கிராம சபையின் தீர்மானத்தில் 1,125 பெயர்கள் இருந்தன. வந்தவர்கள் 184 பேர்தான், இறந்துபோனவர்கள் பெயரில்கூடக் கையெழுத்து இருக்கிறது என்று ஊர்மக்கள் புகார் கொடுத்தார்கள். சுரங்கம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் போய், அந்தக் கையெழுத்துப் பட்டியலே விவகாரமானது. அதனால் கூட்டம் முடிந்து வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்கும் பழக்கம் வேண்டாம்.

நோட்டில் ஏறக் கூடாதவையும் உண்டு. "அவர் குடும்பமே பொய் பேசும்" என்று ஒருவர் கத்தினால் அது முடிவுக்குக் காரணம் இல்லை, எழுதாதீர்கள். எல்லை பற்றி வனவர் ஆட்சேபித்தால் அது காரணம். அவர் பதவியோடு எழுதி, அவரிடமே கையொப்பம் வாங்குங்கள். ஆதார் எண், நோய், குடும்பத் தகராறு எதுவும் தீர்மானத்துக்குள் வர வேண்டாம். தேவையான தனிப்பட்ட தாள்களைத் தனி இணைப்பாக வையுங்கள். நகல் கொடுக்கும்போது விலக்குள்ள பகுதியைப் பிரித்து மற்றதைத் தரச் சட்டம் இடம் தருகிறது. எல்லாம் ஒரே பத்தியில் கலந்துகிடந்தால் பிரிக்க முடியாது.

தவறு நேர்ந்தால் வெள்ளை மை பூசாதீர்கள். பழைய எழுத்து படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, சரியானதை மேலே எழுதி, தலைவரும் நீங்களும் தேதியோடு சுருக்கொப்பம் இடுங்கள். சபை கலைவதற்குள் தீர்மானத்தை உரக்கப் படித்துக் காட்டி, கடைசி வரிக்கும் கையொப்பங்களுக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தைக் கோடிட்டு அடைத்துவிட்டால், பிறகு யாரும் எதையும் அங்கே சேர்க்க முடியாது, நீங்கள் உட்பட.