கூலியைக் கூடையிலேயே காட்டுங்கள்

செயலி வைத்திருக்கும் மளிகை வணிகர்கள் பலர், வாடிக்கையாளர் சரக்கைக் கூடையில் போட்டுவிட்டுப் பணம் கட்டாமல் போவதாகக் குறைப்படுகின்றனர். கடைசிப் பக்கத்தில் திடீரென முளைக்கும் டெலிவரி கூலி இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

460 ரூபாய்க்குப் பருப்பும் எண்ணெயும் எடுத்தவர், முகவரியும் ஓ.டி.பி.யும் கொடுத்த பிறகு 490 என்று பார்த்தால் முகம் சுளிக்கத்தானே செய்வார்? முதல் சரக்கு விழுந்ததுமே, 'டெலிவரி 30 ரூபாய். 500 ஆனால் இலவசம்' என்று கூடையில் தெரிய வேண்டும். 460 ஆனதும், 'இன்னும் 40 ரூபாய்க்கு எடுத்தால் கூலி இல்லை' என்ற வரி வரட்டும். கடுகோ சோப்போ சேர்த்துக்கொள்வார்.

ஆனால் 500க்கு 30 என்பது நூற்றுக்கு 6. அரிசி, சர்க்கரையே அதிகம் போகும் கடைக்கு லாபத்தில் அது கட்டாது. அங்கே வரம்பை 1000 ஆக்கினால் கூலி நூற்றுக்கு 3தான். மாற்றிய பிறகும் பணப் பக்கத்திலேயே பலர் நின்றுவிட்டால், யு.பி.ஐ. பணம் தவறியதும் கூடை காலியாகிறதா என்று பாருங்கள். சரக்கு அப்படியே இருக்க, 'வீட்டில் பணம் தருகிறேன்' என்ற பொத்தானும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.