டாலர் விகிதத்தை முன்கூட்டியே உறுதிசெய்தல்: சிறு ஏற்றுமதியாளர் அறிய வேண்டியவை

கொல்கத்தாவை அடுத்த பான்டாலா தோல் வளாகத்தில் கையுறை தைத்து ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். சரக்கு அனுப்பியாயிற்று, 20,000 டாலர் வர மூன்று மாதமாகும். தோலுக்கும் கூலிக்குமான செலவு ரூபாயில் முடிந்துவிட்டது. வரவு மட்டும் அன்றைய டாலர் விலையைப் பொறுத்து நிற்கிறது.

ஃபார்வர்டு ஒப்பந்தம் இந்த நிலையைத் தீர்க்கிறது. குறித்த நாளில் குறித்த டாலரை இன்றே முடிவுசெய்த விகிதத்தில் வாங்கிக்கொள்ள வங்கி ஒப்புகிறது. தர வாடிக்கையாளர் ஒப்புகிறார். டாலருக்கு முன்விலைக் கூடுதல், அதாவது பிரீமியம், இருக்கும் காலத்தில் அதுவும் ஏற்றுமதியாளருக்கே சேரும்.

2013ஆம் ஆண்டு இதன் இரு முகங்களையும் காட்டியது. மே மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 54 ரூபாயாக இருந்த டாலர், ஆகஸ்ட் 28 அன்று 68 ரூபாயைத் தாண்டியது. டிசம்பரில் 62 ரூபாயை ஒட்டி இறங்கியது. செப்டம்பர் தொடக்கத்தில் 67 ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தவருக்கு, பிரீமியத்தைச் சேர்க்காமலே, டிசம்பரில் 13,40,000 ரூபாய் கிடைத்திருக்கும். செய்யாதவருக்கு 12,40,000 ரூபாய்தான்.

மே மாதத்தில் 55 ரூபாய்க்கு ஆகஸ்ட் இறுதிக்கென ஒப்பந்தம் செய்தவரின் நிலை வேறு. சந்தை 68 ஆனாலும் அவருக்கு 55தான். பணம் வந்திருந்தால், கூடுதல் இலாபம் தவறியதே தவிர, கணக்கிட்ட வரவு குறையவில்லை. இறக்குமதியாளர் பணம் அனுப்பாமலே இருந்திருந்தால்தான் உண்மையான இழப்பு. ஒப்பந்தத்தை ரத்துசெய்ய வங்கி அன்றைய விற்பனை விகிதத்தைக் கொள்ளும்; 68 என்று வைத்தால் டாலருக்கு 13 ரூபாய் வீதம் 2,60,000 ரூபாயை அவர் கையிலிருந்து செலுத்த வேண்டும். வங்கி ஒப்பந்த வரம்பு நிர்ணயிப்பதும், ஆர்டர் அல்லது இன்வாய்ஸ் கேட்பதும், சில வேளைகளில் முன்பணம் கேட்பதும் இதனால்தான்.

ஆகவே விகிதத்தைவிடத் தொகையிலும் தேதியிலும் கவனம் தேவை. புதிய இறக்குமதியாளர் என்றால் தொகையில் பாதிக்கு மட்டும் ஒப்பந்தம் செய்வதே தக்கது என்பது என் கருத்து. பணம் வரும் நாள் உறுதியில்லையெனில், டிசம்பர் 1 முதல் 31 வரை எந்நாளிலும் தரலாம் என்று கால இடைவெளி வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிரீமியம் டிசம்பர் 1 வரைக்கே கணக்கிடப்படும். அந்த வசதிக்கு அதுவே விலை.

பணம் தாமதமாகும் என்று தெரிந்தால், முதிர்வு நாளுக்கு முன்பே கிளைக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். நீட்டிப்பு என்பதும் பழைய ஒப்பந்தத்தை ரத்துசெய்து அன்றைய விகிதத்தில் புதியது எழுதுவதே. வேறுபாட்டுத் தொகை உடனே தீர்க்கப்படும். தகவல் தராமல் முதிர்வு நாளைக் கடத்தினால் சில வேலை நாட்களில் வங்கியே ரத்துசெய்துவிடும். அவ்வாறு ரத்தாகும்போது இழப்பு ஏற்பட்டால் அது வாடிக்கையாளருடையது. ஆதாயம் வந்தாலோ அதை அவர் கோர இயலாது.