பவானிப் பட்டைகளும் ஐந்து ஆடைகளும்

நுழையும்முன்

ஒன்றோடொன்று மாற்றி அணியத்தக்க சில ஆடைகளின் சிறு தொகுப்பைக் கேப்சூல் என்பர். காகிதத்தில் தேர்ந்த வண்ணம் துணியிலும் அவ்வாறே அமையுமா? ஒரு மாணவியின் திட்டத்தைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

ஈரோடு மாவட்டத்துப் பவானியில் கைத்தறியில் நெய்யப்படும் ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றது. தடித்த பருத்தி நூலாலான அகன்ற வண்ணப் பட்டைகளே அதன் அடையாளம். மாணவி அதனையே தம் கருவாகக் கொள்கிறார். மூட்போர்டு எனப்படும் கருத்துப் பலகையில் பட்டைகளின் அண்மைப் படத்தையும் நூற்சிட்டத்தின் துண்டையும் ஒட்டுகிறார். கூடுதுறையின் அழகிய படத்தை மட்டும் நீக்கிவிடுகிறார். ஆடையின் வடிவையோ நிறத்தையோ அது தீர்மானிக்கவில்லை. பலகையிலிருந்து சிவப்பு, கருநீலம், கருப்பு, வெண்மை ஆகிய நான்கு வண்ணங்களைத் தேர்கிறார்.

ஜமக்காளம் விரிப்புக்குரியது, அதன் விறைப்பு உடலோடு இழையாது. ஆகவே பட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, துணிகளை வேறாகத் தேர்கிறார். மேலாடைகள் இரண்டு: பட்டும் பருத்தியும் கலந்த கோவைக் கோராத் துணியில் சிவப்பு, திருப்பூர்ப் பின்னல் துணியில் வெண்மை. கீழாடைகள் இரண்டும் கைத்தறிப் பருத்தி: ஒன்று வெறும் கருப்பு, மற்றொன்று கருநீலத்தில் சிவப்புப் பட்டை. மேலே அணியும் அங்கி சென்னிமலைத் தடித்த பருத்தியில் கருப்பும் சிவப்புப் பட்டையும் கொண்டது. இரு மேலாடைகளும் இரு கீழாடைகளும் நான்கு இணைகளாகும். அங்கியுடனும் அங்கியின்றியும் அணிந்தால் அவை எட்டுத் தோற்றங்களாகும்.

துணி மாதிரிகள் வந்தபோது கோராவின் சிவப்பு, பருத்தியின் சிவப்போடு ஒத்துப்போகவில்லை. பருத்தி பெரும்பாலும் காரநிலையில் ரியாக்டிவ் சாயத்தை ஏற்கும். பட்டுக்குப் பொதுவாக அமிலநிலையில் ஆசிட் சாயம் இடுவர். பட்டின் பளபளப்பும் நிறத்தை மாற்றிக் காட்டும். குழல்விளக்கொளியில் ஒன்றெனத் தோன்றிய இரு சிவப்புகள் பகலொளியில் வேறாயின. இதனால் கோரா மேலாடை பட்டைக் கீழாடையோடும் அங்கியோடும் சேரவில்லை; எட்டுத் தோற்றங்களில் மூன்று கெட்டன.

அம்மேலாடையை வேறொரு சிவப்பில் தோய்ப்பது தீர்வன்று. சாயமிடாத கோராவின் இயல்பான வெளிர்மஞ்சள் நிறத்தையே அவர் ஏற்றார். சிவப்பு பருத்தியில் மட்டும் நின்றது. கோராவுக்கு ஒப்பிட வேண்டிய நிறம் வேறெதிலும் இல்லை. எட்டுத் தோற்றங்களும் மீண்டன. வண்ணத் தொகுப்பில் ஐந்தாம் நிறமொன்று சேர்ந்தது.

போர்ட்ஃபோலியோ எனும் படைப்பேட்டில் இறுதி மாதிரிகளின் அருகே, விலக்கிய சிவப்புக் கோராத் துண்டையும் ஒட்டிக் காரணத்தை எழுதினார். காண்பவர் அவர்தம் முடிவெடுக்கும் முறையை அதிலிருந்தே அறிவர்.

கற்பவை கற்றபின்

ஒரே நிறமுடைய பருத்தி, பட்டு, பின்னல் துணித்துண்டுகளை அருகருகே ஒட்டுக. பகலொளியிலும் குழல்விளக்கொளியிலும் நோக்கி, காணும் வேறுபாட்டை எழுதுக.